ஆகஸ்ட் 30-ல் சேர்ந்தவருக்கு ஆறு மாதம் என்றைக்கு முடிகிறது?

"மண்டபத்தில் ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆறு மாதம் புரொபேஷன். சேர்ந்த தேதியை வைத்து அது முடியும் தேதியை எக்செல்லில் எப்படி எடுப்பது? 180 நாள் கூட்டினால் ஒன்று வருகிறது, EDATE போட்டு ஒரு நாள் கழித்தால் வேறு வருகிறது. 2025 ஆகஸ்டில் 28, 29, 30 என்று அடுத்தடுத்த நாளில் மூன்று பேர் சேர்ந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே தேதி வருகிறது. எது சரி?"

முதலில் அந்த மூன்று பேருக்கும் உரிய தேதியைச் சொல்லிவிடுகிறேன். 28-ல் சேர்ந்தவருக்கு 2026 பிப்ரவரி 27. 29-ல் சேர்ந்தவருக்கும் 30-ல் சேர்ந்தவருக்கும் பிப்ரவரி 28. உங்கள் ஷீட் மூன்று பேருக்கும் 27 என்று காட்டியிருக்கும். அதில் ஒருவருக்குத்தான் அது சரி, மற்ற இருவருக்கும் ஒரு நாள் குறைகிறது.

180 நாள் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். மாதம் என்றால் நம் சட்டத்தில் நாள்காட்டி மாதம்தான். 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மூன்று மாதம் என்பதும் 90 நாள் என்பதும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றமே 2010-ல் ஒரு நடுவர் தீர்ப்பு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆறு மாதத்துக்கும் அதே நியாயம்தான். மார்ச் 1-ல் சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் 31 வரை எண்ணிப் பாருங்கள், 184 நாள் வரும். நவம்பர் 1-ல் சேர்ந்தவருக்கு ஏப்ரல் 30 வரை எண்ணினால், லீப் ஆண்டு இல்லாவிட்டால், 181 தான். எந்த மாதத்தில் தொடங்கினாலும் 180 வராது. நியமனக் கடிதத்தில் "180 நாட்கள்" என்றே எழுதியிருந்தால் மட்டும் நாள் எண்ணுங்கள். அப்போதும் சேர்ந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதால் தேதியோடு 179 கூட்ட வேண்டும், 180 அல்ல.

சரி, மாதக் கணக்குக்கு வருவோம். கையால் எண்ணுகிற விதி எளிது. சேர்ந்த நாளே முதல் நாள். அன்றைக்கு வேலை பார்த்தார், அன்றைக்குச் சம்பளம் உண்டு, அதனால் அந்த நாள் கணக்கில் சேரும். ஆறு மாதம் கழித்து அதே தேதி எப்போது வருகிறதோ, அதற்கு முந்தைய நாள் புரொபேஷனின் கடைசி நாள். ஜூன் 10-ல் சேர்ந்தவருக்கு டிசம்பர் 9. டிசம்பர் 10 அதற்கு வெளியே. இதற்கு நீங்கள் போட்ட ஃபார்முலாவே போதும்:

```
=EDATE(B2,6)-1
```

B2-ல் சேர்ந்த தேதி இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஆண்டின் பெரும்பாலான தேதிகளுக்கு இது சரியாகவே வரும். பிசகுவது மாதக் கடைசியில்.

EDATE ஆறு மாதம் தள்ளிப்போய் அதே தேதியைத் தேடும். அந்தத் தேதி அந்த மாதத்தில் இல்லையென்றால், மாதத்தின் கடைசி நாளில் நின்றுகொள்ளும். ஆகஸ்ட் 30-க்கு ஆறு மாதம் தள்ளினால் பிப்ரவரி 30. அப்படி ஒரு நாள் இல்லை, அதனால் பிப்ரவரி 28-ல் நிற்கும். அந்த இடத்திலேயே ஏற்கெனவே குறைக்க வேண்டியது குறைந்துவிட்டது. அது தெரியாமல் நாம் மறுபடியும் -1 போடுகிறோம், 27 ஆகிவிடுகிறது. 28-ல் சேர்ந்தவருக்கு மட்டும் பிப்ரவரி 28 உண்மையிலேயே இருக்கிறது, அதில் ஒன்றைக் கழித்து 27 என்பது நியாயமான விடை. மூன்று பேரும் ஒரே தேதியில் வந்து நின்றதற்குக் காரணம் இதுதான். சந்தேகப்பட்டுக் கேட்டது நல்லதாகப் போயிற்று, நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை.

எந்தெந்தத் தேதியில் இது நடக்கும் என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். மார்ச் 31, மே 31, அக்டோபர் 31, டிசம்பர் 31, அப்புறம் ஆகஸ்ட் 29, 30, 31. மொத்தம் ஏழு தேதிகள். அடுத்து வரும் பிப்ரவரிக்கு 29 நாள் இருந்தால் ஆகஸ்ட் 29 தப்பித்துவிடும், மீதி ஆறு. ஜனவரி 31-ல் சேர்ந்தவருக்குச் சிக்கல் இல்லை, ஏனென்றால் ஜூலைக்கும் 31 நாள் உண்டு. ஏழு தேதிதானே என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு நாளில் ஒருவர் சேர்ந்தாலே அவருடைய தேதி தவறிவிடும்.

இதைத் தவிர்க்க என்னிடம் ஒருவர் சொன்ன வழி, ஒரு நாளை முன்னாலேயே கழித்துவிட்டு EDATE போடுவது, அதாவது =EDATE(B2-1,6). ஆகஸ்ட் 30-க்கு இது சரியாக 28 தரும். ஆனால் மே 1-ல் சேர்ந்தவருக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 30-லிருந்து ஆறு மாதம், அக்டோபர் 30 என்று வரும். வர வேண்டியது அக்டோபர் 31. ஒன்றாம் தேதி சேர்கிறவர்கள்தான் எங்கும் அதிகம், அதனால் இந்த வழி முதலாவதைவிட மோசம்.

நான் பயன்படுத்துவது இது:

```
=IF(B2="","",MIN(DATE(YEAR(B2),MONTH(B2)+6,DAY(B2)-1),EOMONTH(B2,6)))
```

உள்ளே நடப்பதை ஆகஸ்ட் 30-ஐ வைத்தே சொல்கிறேன். DATE-க்குள் ஆண்டு 2025, மாதம் 8+6=14, நாள் 29 என்று போகிறது. 14-ஆவது மாதம் என்றால் எக்செல் அதை அடுத்த ஆண்டு பிப்ரவரி என்று புரிந்துகொள்ளும். 2026 பிப்ரவரி 29 இல்லாததால், அது ஒரு நாள் வழிந்து மார்ச் 1 ஆகும். அந்தப் பக்கம் EOMONTH(B2,6) ஆறாவது மாதத்தின் கடைசி நாளைத் தரும், பிப்ரவரி 28. இரண்டில் முந்தியது எதுவோ அதை MIN எடுத்துக்கொள்கிறது. விடை பிப்ரவரி 28. ஒன்றாம் தேதி சேர்ந்தவருக்கு நாள் 0 என்று போகும். நாள் 0 என்றால் முந்தைய மாதத்தின் கடைசி நாள் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும், அதனால் மே 1-க்கு அக்டோபர் 31 ஒழுங்காக வரும். முன்னால் இருக்கும் IF எதற்கென்றால், B2 காலியாக இருந்தால் 1900-ஆம் ஆண்டுத் தேதி ஏதாவது வந்து நிற்கும், அது வராமல் இருக்க. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் இதே ஃபார்முலா ஓடும். விடை 46081 என்று ஒரு எண்ணாக வந்தால் பதறாதீர்கள். அது 2026 பிப்ரவரி 28-தான், செல்லின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அந்த MIN-ஐ யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

தொண்டியில் வலையும் எஞ்சின் உதிரிபாகமும் விற்கிற ஒரு கடைக்கு நான் சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது என் ஷீட்டில் வெறும் DATE மட்டும்தான் இருந்தது, ஆறு மாதம் கூட்டி ஒன்றைக் கழித்த வடிவம். 2022 ஆகஸ்ட் 31, புதன்கிழமை, ஒரு தம்பி பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். என் ஷீட் அவருக்கு 2023 மார்ச் 2 என்று காட்டியது. பிப்ரவரி 31 வழிந்து மார்ச் 3 ஆகி, அதில் ஒன்று குறைந்து மார்ச் 2. முதலாளிக்கு அந்தத் தம்பியின் வேலையில் திருப்தி இல்லை. புரொபேஷன் முடியும் கடைசி நாளில் நிறுத்திக்கொள்ளலாம் என்று என்னிடம் தேதி கேட்டார். நானும் ஷீட்டைப் பார்த்து மார்ச் 2 என்றேன். அன்று சாயங்காலம், வியாழக்கிழமை, கடிதத்தைக் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை அந்தத் தம்பி கடைக்கு வந்தார். கையில் சுவரிலிருந்து கழற்றிய தினசரி காலண்டர். கோபமாகக்கூடப் பேசவில்லை. "சார், நான் ஆகஸ்ட் முப்பத்தொண்ணுல சேர்ந்தேன். பிப்ரவரி இருபத்தெட்டோட எனக்கு ஆறு மாசம் முடிஞ்சு போச்சு. நீங்க லெட்டர் குடுத்தது அதுக்கப்புறம்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஆறு முழு மாதம், போதாததற்கு ஆகஸ்டில் ஒரு நாள் வேறு. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டு நாள் தள்ளிப்போனால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அந்த ஆறு மாதத்துக்குத் தனி எடை உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 என்ன சொல்கிறதென்றால், ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளமோ கொடுக்காமலும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. அந்தப் பிரிவு புரொபேஷன் என்ற சொல்லைப் பார்ப்பதில்லை, தொடர்ந்து வேலை பார்த்த காலத்தைத்தான் பார்க்கிறது. ஆறு மாதம் நிறையும் முன்பே முதலாளி கடிதம் கொடுத்திருந்தால் அது ஒரு கணக்கு. மார்ச் 1 ஆகிவிட்டால் வேறு கணக்கு. அந்தக் கடையில் முதலாளி கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, காரணத்தையும் எழுதி முறையாக முடித்தார். அந்த வாரமே என் ஷீட்டுகள் எல்லாவற்றையும் திறந்து ஃபார்முலாவை மாற்றினேன்.

உங்கள் கம்பெனியில் இறால் உரித்து உறைய வைக்கிற பிளான்ட் தொழிற்சாலையாகப் பதிவாகியிருக்கும். அங்கே உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்கு வேறு சட்டங்கள் பேசும். இந்தப் பிரிவு யார் யாருக்குப் பொருந்தும் என்பதை உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி கணக்கிடும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

இதே போல, தேதி தாண்டிப் போனால் ஆள் தானாகவே நிரந்தரமாகிவிடுவாரா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி ஆவதில்லை. விதிகளில் புரொபேஷனுக்கு இவ்வளவுதான் உச்ச வரம்பு, அதற்கு மேல் நீட்டக் கூடாது என்று இருந்து, அதையும் தாண்டி வேலையில் வைத்திருந்தால் நிரந்தரமானதாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே பஞ்சாப் அரசு வழக்கொன்றில் சொன்னது. உச்ச வரம்பு இல்லாமல், உறுதிக் கடிதம் கொடுத்தால்தான் நிரந்தரம் என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. அவை அரசுப் பணி வழக்குகள், ஆனாலும் தனியார் கடிதங்களைப் படிக்கும்போதும் இந்த வித்தியாசத்தைத்தான் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் கடிதத்தில் என்ன வாசகம் இருக்கிறது என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள்.

நம் கடற்கரையில் இன்னொரு சிக்கல் உண்டு, மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்களுக்கு இது வராது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, சரக்கு வரத்து நின்றுவிடும். சில யூனிட்டுகள் அந்த நாட்களில் புது ஆட்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடும். அப்போது புரொபேஷன் நீளுமா? நியமனக் கடிதத்தில் "வேலை இல்லாத நாட்கள் புரொபேஷனில் சேராது" என்ற வாசகம் இருந்தால்தான் நீளும். இல்லாவிட்டால் தடைக்காலமும் ஆறு மாதத்துக்குள் ஓடிவிடும்.

வாசகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் 2026 ஜனவரி 19-ல் சேர்ந்தார். முதலில் மாதக் கணக்கை முடியுங்கள், ஜூலை 18. அதற்கு அப்புறம் 61 நாளைக் கூட்டுங்கள், செப்டம்பர் 17. சேர்ந்த தேதியோடு முதலிலேயே 61 நாளைக் கூட்டி, பிறகு ஆறு மாதம் தள்ளக் கூடாது. இடையில் வருகிற மாதங்களின் நாட்கள் மாறிப்போவதால் விடையும் மாறிவிடும். இந்த ஆளுக்கே போட்டுப் பாருங்கள், ஜனவரி 19 மார்ச் 21 ஆகி, முடிவு செப்டம்பர் 20 என்று வரும். மூன்று நாள் அதிகம். சம்பளமில்லா விடுப்பு நாட்களுக்கும் இதே வரிசைதான். C2-ல் சேராத நாட்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, மேலே சொன்ன ஃபார்முலாவில் MIN-இன் அடைப்பு முடிந்ததும், கடைசி அடைப்புக்கு முன்னால், +C2 என்று போட்டால் போதும். நீட்டிப்பைக் கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் தொண்டியில் பார்த்தது போலத் தேதி தாண்டிய பிறகு கொடுத்தால் அதற்கு மதிப்பு இருக்குமா என்பதே வழக்காகிவிடும்.

ஃபார்முலா எவ்வளவு சரியாக இருந்தாலும், உள்ளே போகிற தேதி தவறாக இருந்தால் பயனில்லை. விரல் ரேகை மெஷினிலிருந்து எடுத்த ஃபைலைத் திறக்கும்போது கவனமாக இருங்கள். கம்ப்யூட்டரின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று இருந்தால், 13/06/2025 என்பதை எக்செல் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, 13-ஆவது மாதம் இல்லை என்பதால். அது வெறும் எழுத்தாக, செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஃபார்முலாவில் #VALUE! வரும். ஆனால் 05/06/2025 என்பதை அது மே 6 என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். ஜூன் 5-ல் சேர்ந்தவருக்கு டிசம்பர் 4 வர வேண்டிய இடத்தில் நவம்பர் 5 வந்து நிற்கும். #VALUE! வந்தவர்களை நாம் தேடித் திருத்திவிடுவோம். வராதவர்களை நம்பிவிடுவோம். பிழை ஒளிந்திருப்பது வராதவர்களிடம். பக்கத்தில் ஒரு காலியான நெடுவரிசையில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=TEXT(B2,"dd-mmm-yyyy")
```

மாதத்தின் பெயர் எழுத்தில் வந்துவிடும், ஒரு பார்வையிலேயே பிடிபடும். ஒன்றிரண்டு தவறாக இருந்தால்கூட, அந்தந்தச் செல்லை மட்டும் திருத்தாதீர்கள். மூல ஃபைலை மறுபடி இறக்குமதி செய்து, தேதி இருக்கும் நெடுவரிசைக்கு DMY என்று தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே புரண்டுபோன தேதியை எக்செல்லால் தானாக நிமிர்த்த முடியாது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு மே 6 நல்ல தேதிதான்.

கடைசியாகக் கடித வாசகம். "சேர்ந்த தேதியிலிருந்து ஆறு மாதம்" என்று மட்டும் எழுதினால் ஒரு நாள் வாதத்துக்கு இடம் கொடுக்கிறோம். சட்டங்களில் "இருந்து" என்று வந்தால் முதல் நாளை விட்டுவிட்டு எண்ணுவது மரபு, அதே மரபை யாராவது உங்கள் கடிதத்துக்கும் கொண்டுவந்தால் ஜூன் 10-ல் சேர்ந்தவருக்கு டிசம்பர் 9-ஆ, 10-ஆ என்ற பேச்சு வரும். அதனால் இனி வரும் கடிதங்களில் முடியும் தேதியையே எழுதிவிடுங்கள். ஆகஸ்ட் 30-ல் சேர்ந்தவருக்கு நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "தங்கள் புரொபேஷன் காலம் 30-08-2025 முதல் 28-02-2026 வரை, இவ்விரு நாட்களும் உட்பட."